நுரையீரலில் தொடங்கிய விடை

எனக்கு உயிரியல் தெரியாது. நான் கணக்கு வாத்தியார். இருந்தும் ஒரு வருடம் பதினோராம் வகுப்பு செலக்‌ஷன் தேர்வின் பொது அறிவியல் தாள்களை நான் திருத்தும்படி ஆயிற்று. எங்கள் பள்ளி சின்னக் காஞ்சிபுரத்தில் இருந்தது. அறிவியல் ஆசிரியர் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் எழுதிக் கொடுத்த நான்காம் நாள் அவருக்கு அம்மை போட்டுவிட்டது. "எண்ணுறதில உம்மை மிஞ்ச ஆளில்லை. குறிப்பு இருக்கு, பார்த்துப் போட்டுடும்" என்று தலைமையாசிரியர் நூற்றுப் பதின்மூன்று தாள்களை என் மேசையில் வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் செலக்‌ஷன் தேர்வு என்றால் சாதாரணமில்லை. எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அரசாங்கப் பரீட்சைக்குப் பெயரை அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடம் போயிற்று.

இயற்பியலும் வேதியியலும் எனக்கு ஒருவாறு பிடிபடும். உயிரியலில்தான் குறிப்பை விட்டால் எனக்குக் கதியில்லை. பதினான்காவது கேள்வி இது: "உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயம், நுரையீரல் வழியே சென்று மீண்டும் உடலை அடையும் பாதையை வரிசையாக எழுதுக." ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில் பத்து வரிகள், வரிக்கு அரை. பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, கடைசியாக இடது வென்ட்ரிக்கிளும் பெருந்தமனியும். பிள்ளைகளையும் அவர் அப்படியே ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு எழுதப் பழக்கியிருந்தார்.

நான் ஒரு வேலை செய்தேன். படம் வரையும் தடித்த தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, கோடு போட்ட தாளின் இடைவெளி அளவுக்கே இந்தப் பத்தையும் எழுதிக்கொண்டேன். விடைத்தாளின் ஓரத்தில் பட்டையை வைத்தால் வரிக்கு வரி நேராக நிற்கும். பொருந்தினால் அரை, பொருந்தாவிட்டால் சுழி. ஒரு தாளுக்கு இருபது விநாடி. யோசனைக்கே இடமில்லை என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. மூன்று நாளில் திருத்தி, கூட்டல்களை இரண்டு முறை சரிபார்த்து, பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அறிவியலில் தவறியவர்கள் ஏழு பேர்.

பட்டியலைப் பலகையில் ஒட்டும் நாள் வந்தது. மாலை நான்கு மணி அடித்ததும் ஒட்டுவதாக ஏற்பாடு. மதியம் ஒன்றரைக்கு நான் அலுவலக அறைக்குச் சாக்பீஸ் வாங்கப் போனபோது, எழுத்தர் முன்னால் ஒரு விவசாயி தோளில் துண்டோடு நின்றிருந்தார். தாமலிலிருந்து பஸ்ஸில் வந்தவர். அவருடைய மகள் பதினோராம் வகுப்பு. பெண்ணுக்கு அறிவியலில் முப்பத்தொன்று என்பது எப்படியோ ஒருநாள் முன்பே கசிந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டி.சி. குடுத்துடுங்க சார்" என்றார் எழுத்தரிடம். "நாலரை பஸ்ஸ புடிக்கணும்."

"ஒரு வருசம் போனாப் போவுது, மறுபடி எழுதட்டுமேய்யா" என்றார் எழுத்தர்.

"ஒரு தடவதான்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். தெனிக்கும் பஸ்ஸுக்கு நின்னுக்கினு, போயிக்கினு, வந்துக்கினு... போதும். முப்பத்தொண்ணு வாங்குறவ அடுத்த வருசமும் முப்பத்தொண்ணுதான் வாங்குவா."

"வூட்ல இருந்து இன்னா பண்ணப்போவுது அந்தப் பொண்ணு?"

"நாத்து நடுவா. அதுக்கு ரத்தம் எப்பிடி ஓடுதுன்னு தெரிய வேணாம்."

எழுத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. "ரத்தம்னு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்வில சுழி வாங்கிட்டாளாம். நல்லாத்தான் எழுதினேன்னு ராத்திரியெல்லாம் அழுவுறா. நல்லா எழுதினா எதுக்கு சார் சுழி போடப்போறாங்க?"

அந்தச் சுழியைப் போட்டது நான் என்று அவருக்குத் தெரியாது. நான் சாக்பீஸை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

விடைத்தாள் கட்டைப் பிரித்து அவள் தாளை எடுத்தேன். பதினான்காவது விடை. பத்து வரி இல்லை, எட்டு. ஒன்று: நுரையீரல். இரண்டு: நுரையீரல் சிரைகள் (நல்ல இரத்தம்). மூன்று: இடது ஆரிக்கிள். நான்கு: இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி, உடல். ஐந்து: பெருஞ்சிரைகள். ஆறு: வலது ஆரிக்கிள். ஏழு: வலது வென்ட்ரிக்கிள். எட்டு: நுரையீரல் தமனி (கெட்ட இரத்தம்), மறுபடி நுரையீரல்.

பட்டையை வைத்தேன். ஒரு வரிகூட நேராக நிற்கவில்லை. ஆனால் பட்டையை மேலே ஏற்றி அவளுடைய முதல் வரியைப் பட்டையின் ஆறாவது வரிக்கு நேராக்கிப் பார்த்தால் எல்லாம் வரிசையாக வந்தன; கடைசிக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடர்ந்தன. இரண்டு வால்வுகளை மட்டும் விட்டிருந்தாள். அவள் வரிசையைத் தவறாக எழுதவில்லை. வேறு இடத்தில் தொடங்கியிருந்தாள். ஒரு வட்டத்தை எங்கே தொடங்கினாலும் வட்டம்தான் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமல் போயிருந்தது.

எட்டு வரிக்கு நான்கு மதிப்பெண். முப்பத்தொன்றும் நான்கும் முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து.

அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அடைப்புக்குறிக்குள் அவள் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தமனியில் கெட்ட இரத்தம், சிரையில் நல்ல இரத்தம் என்று எழுதியிருக்கிறாளே! நான் படித்த காலத்திலிருந்து தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம். ஒரு மாணவனிடம் பாடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவசரத்தில் புரட்டிய பக்கத்திலும் பொதுவாக அப்படித்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் ஒரு விதி: ஒரு வரியில் சரியானதோடு தவறானதைச் சேர்த்து எழுதினால் அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. அப்படியானால் இரண்டு வரி போயிற்று. மூன்று மதிப்பெண்தான். முப்பத்துநான்கு.

ஆக, அந்தப் பெண் வயலுக்குப் போவதா பரீட்சைக்குப் போவதா என்பது நுரையீரலுக்குப் போகும் குழாயில் என்ன இரத்தம் ஓடுகிறது என்பதில் வந்து நின்றது. பள்ளியில் அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் அம்மையோடு படுத்திருந்தார்.

மணி ஒன்று ஐம்பது. எழுத்தரிடம் ஓடி, "டி.சி.யைக் கொஞ்சம் மெதுவா எழுதுங்க" என்றேன்.

"நான் எப்பவுமே மெதுவாத்தான் சார் எழுதுவேன்" என்றார் அவர்.

அறிவியல் ஆசிரியர் வீடு பிள்ளையார்பாளையத்தில். சைக்கிளில் இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். அவள் எழுதியது தவறாக இருந்துவிடுமோ என்பது ஒன்று. எனக்கு அம்மை இதுவரை போட்டதில்லை என்பது இன்னொன்று. என் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அவர் மனைவி நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள வராதீங்க சார். அம்மா இன்னும் எறங்கல. நாளன்னிக்குத்தான் மொத தண்ணி."

"ஒரே ஒரு சந்தேகம்மா. சன்னல் வழியாக் கேட்டுக்கிறேன்."

தெருவோரம் நின்று, சன்னலுக்கும் எனக்கும் நடுவில் ஒன்பது தப்படி விட்டுக்கொண்டேன். உள்ளே இருட்டு. அவருடைய குரல் மட்டும் வந்தது.

"யாரு, கணக்கா? இன்னா சார், என் பேப்பருங்கோ உசிரோட இருக்குதா?"

நான் தாளை விரித்து அந்த விடையை உரக்கப் படித்தேன். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. தறியை விட்டு ஒரு அம்மாள் வெளியே வந்துவிட்டார்.

"யாருக்குப்பா கெட்ட ரத்தம்?" என்று என்னைக் கேட்டார்.

"யாருக்கும் இல்லம்மா. பரீட்சை."

"அய்யோ பாவம், பரீட்சையில கூட ரத்தமா" என்று அவர் அங்கேயே நின்றுகொண்டார்.

"எத்தினி போட்டீங்க?" என்றது சன்னல்.

"சுழி."

"எதுக்கு?"

நான் பட்டையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் சிரித்ததும் இருமல் வந்தது. மனைவி உள்ளே போய் அதட்டியது கேட்டது.

"சார், வரதர் கருட சேவைய நீங்க உங்க தெருவுல நின்னு பாப்பீங்க, நான் என் தெருவுல நின்னு பாப்பேன். ரெண்டு பேரும் பாத்தது ஒரே சேவைதானே? சுத்தி வர்றதுக்கு எது சார் மொத வீடு? எண் போட்டு எழுதச் சொன்னது என் தப்பு. திருத்துறப்ப எண்ணத் தோதா இருக்கட்டும்னு."

"கேள்வியில உடல்லேர்ந்துன்னு இருக்கே?"

"இருக்குது. ஒழுங்கா ஆரம்பிக்கலன்னு திட்டலாம். பாதை தப்புன்னு சுழி போட முடியாது. வரிசை சரியா இருக்குதில்ல?"

"வரிசை சரி. ஆனா தமனியில கெட்ட இரத்தம்னு எழுதியிருக்கா சார்."

"அதான் சரி."

நான் ஒன்பது தப்படியை மறந்து நான்கு தப்படி முன்னால் போய்விட்டேன். "தமனின்னா நல்ல இரத்தம்தானே?"

"மத்த எடத்துல. இதயத்துலேர்ந்து வெளிய போற குழா தமனி. இதயத்துக்கு உள்ள வர்ற குழா சிரை. அவ்ளோதான் சார் கணக்கு. உள்ள ஓடுறது நல்லதா கெட்டதான்னு பாத்துப் பேரு வக்கல. உடம்பு பூரா சுத்திட்டு வந்த கெட்ட ரத்தம் வலது பக்கம் வருது. அத சுத்தம் பண்ண நுரையீரலுக்குத்தானே அனுப்பணும்? வெளிய போவுது, அதனால தமனி. ஆனா இன்னும் சுத்தமாவல. அங்க காத்து பட்டு சுத்தமாயி இடது பக்கம் திரும்பி வருது. உள்ள வருது, அதனால சிரை. நல்ல ரத்தம். வயித்துல இருக்குற கொழந்தய விட்டா, உடம்புல இந்த ஒரு எடத்துலதான் தலைகீழு. நான் வகுப்புல மூணு தடவ சொன்னேன். நூத்திப்பதிமூணு பேருல ஒருத்தியாவது அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்குறா. அவளுக்குப் போய் சுழி போட்டீங்களே."

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா..." என்று இழுத்தேன்.

"அம்மா வீட்லேர்ந்து காயிதம் வெளிய போகக் கூடாது" என்று மனைவி உள்ளிருந்தே சொல்லிவிட்டார்.

"லேப்ல பீரோ மேல ஒரு சார்ட்டு சுருட்டி வச்சிருக்குது" என்றார் அவர். "செவப்பு நல்லது, நீலம் கெட்டது. அதக் காட்டுங்க. சார்... ஒண்ணு கேக்கட்டுமா? பட்டையில பொருந்தினதுக்கெல்லாம் வரி முழுசாப் படிச்சுத்தானே போட்டீங்க?"

நான் முதல் சொல்லைத்தான் பார்த்திருந்தேன். சைக்கிளை எடுத்தேன்.

பள்ளிக்குத் திரும்பும்போது மணி மூன்று பத்து. கயிற்றுப் பாலம் போல ஆடிய ஏணியில் ஏறி, ஆய்வக உதவியாளர் பீரோ மேலிருந்து சார்ட்டை எடுத்துக் கொடுத்தார். தூசியைத் தட்டக்கூட நேரமில்லை.

தலைமையாசிரியர் சரித்திரம் படித்தவர். கண்டிப்பானவர், நியாயமானவர். பட்டியலில் கையெழுத்துப் போட்டு, ஒட்ட வேண்டிய தாளை எடுத்து வைத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அம்மை போட்ட ஆத்துக்கா போய்ட்டு வந்தீர்?"

"ஒன்பது தப்படி தள்ளி நின்னேன் சார்."

"அங்கேயே நில்லும். அவர் எழுத்தில ஏதாவது உண்டா?"

"அங்கிருந்து காகிதம் வரக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்போ நீர் சொல்றதுக்கு என்ன ஆதாரம்? நாளைக்கு மத்த ஆறு பேரோட அப்பாவும் வந்து நிப்பான். அம்மை போட்டவர் சன்னல் வழியாச் சொன்னார்னா நான் பதில் சொல்றது? தமனின்னா சுத்த இரத்தம். எனக்கே தெரியும்."

சார்ட்டை அவர் மேசைக்கு எதிரே இருந்த ஆணியில் மாட்டினேன். மாட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். நீலமாக இருந்த பாதி இடப்புறம், சிவப்பாக இருந்த பாதி வலப்புறம். அந்தப் பெண் கெட்ட இரத்தம் வலது பக்கம் என்று எழுதியிருக்கிறாள்.

"பாரும்" என்றார் தலைமையாசிரியர். "இடது பக்கமே கெட்டுப்போயிருக்கு."

நான் சார்ட்டை நெருங்கிக் குனிந்தேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வலது, இடது என்று போட்டிருப்பது தெரிந்தது. இடப்புறத்தில் வலது என்றுதான் போட்டிருந்தது. சார்ட்டில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். நான் சார்ட்டில் முதுகு பட நின்று என் வலது கையைத் தூக்கினேன். அது நீலப் பக்கம் இருந்தது.

"சரி, சரி, கையை இறக்கும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னை இன்னும் இரண்டு தப்படி விலகச் சொல்லி, தாமே எழுந்து சார்ட்டுக்கு அருகில் வந்தார். ஆள்காட்டி விரலைப் படத்தில் வைத்தார். வைத்த இடம் நுரையீரல். அங்கிருந்து சிவப்புக் குழாய்கள், நான்கு, இடது ஆரிக்கிளுக்குள் வந்தன. விரல் கீழே இறங்கி இடது வென்ட்ரிக்கிளுக்குப் போயிற்று. மேலே வளைந்து பெருந்தமனியில் ஏறி உடலுக்குப் போயிற்று. நீல நிறத்தில் இரண்டு பெருஞ்சிரைகள் திரும்பி வந்தன. வலது ஆரிக்கிள். வலது வென்ட்ரிக்கிள். அங்கிருந்து ஒரு தடித்த நீலக் குழாய் கிளம்பி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு நுரையீரலுக்கும் போயிற்று. அதன் பக்கத்தில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்: "நுரையீரல் தமனி."

விரலை எடுக்காமலே கேட்டார்.

"அவ எங்கே ஆரம்பிச்சாள்?"

"நுரையீரல்ல சார்."

"நானும் அங்கேதான் ஆரம்பிச்சேன்" என்றார். பிறகு மேசைக்குப் போய்த் திருத்தப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "முப்பத்தைந்துன்னு போட்டு, யாரால பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும். அதுக்கப்புறம் இந்தப் பதிவேட்டை நான் தொட மாட்டேன், அம்மை வீட்டுக் கை பட்டுடும். அந்த விடைத்தாள் கட்டை ஆத்துக்கு எடுத்துண்டு போய் நூத்திப் பதின்மூணுலயும் அந்தக் கேள்வியை மறுபடி பாரும். பட்டை வேண்டாம். ஏத்தறதை ஏத்தும். இறக்க வேண்டாம். பிள்ளைகள் மேல தப்பில்லை. அதுவரைக்கும் பட்டியலை ஒட்ட வேண்டாம்."

மதிப்பீட்டுப் பிழை என்னுடையது என்று எழுதினேன். பதினேழு வருட உத்தியோகத்தில் அந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் முறை.

அலுவலக அறையில் டி.சி. பாதிவரை எழுதப்பட்டிருந்தது. எழுத்தர் அதன் குறுக்கே கோடு போட்டபடி, வீணான ஒவ்வொரு படிவத்துக்கும் தாம் காரணம் எழுத வேண்டியிருப்பதைப் பற்றி முணுமுணுத்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"பாஸ்ங்களா?"

"முப்பத்தைந்து. பேரு போவுது."

"அப்ப அவ சரியாத்தான் எழுதினாளா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு சார் முப்பத்தொண்ணு?"

"நான்தான் திருத்தினேன். என் தப்பு."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி அவள அடிச்சிட்டேன் சார்" என்றார். "பொய் சொல்றன்னு."

அவள் வேப்பமரத்தடியில் பைக்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். இடது கன்னம் சற்று வீங்கியிருந்தது. நான் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"எட்டுக்கும் போட்டீங்களா சார்?"

"எட்டுக்கும்."

"அடைப்புக்குறிக்குள்ள எழுதினதும் சரிதானே சார்? அது எனக்கே சந்தேகமாயிடுச்சு. சுழின்னதும் அதுதான் தப்புன்னு நெனச்சிக்கினு, ராவே நோட்டுல அடிச்சு மாத்திட்டேன்."

அவள் பைக்கட்டைப் பிரித்து நோட்டை எடுத்துக் காட்டினாள். முன்பு சரியாக எழுதியிருந்ததை அடித்து, தமனிக்கு நல்ல இரத்தம், சிரைக்குக் கெட்ட இரத்தம் என்று மாற்றி எழுதியிருந்தாள். மையெல்லாம் ஈரத்தில் கலங்கியிருந்தது. நான் பேனாவை வாங்கி, அவள் புதிதாக எழுதியதை அடித்தேன். மேலே பழையபடி அவளையே எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை அப்பா பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.